கார்ட்டை வாடகைக்குக் குடுத்தவன் உள்ளே, வாங்கினவன் எங்கே?

ரியூஷன்_சேர் (பாலையூற்று)

வணக்கம் எல்லாருக்கும். உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறன். பரீட்சை எழுதி முடிச்ச ஒரு பெடியன் வந்து கேட்டான்: "சேர், பாங்க் கார்டையும் அதோட இருக்கிற சிம்மையும் ஒரு மாசத்துக்குக் குடுத்தா பத்தாயிரம் தாறாங்களாம். குடுத்தாப் பிரச்சினை வருமா?" வேண்டாமெண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். ஆனா அவனோட படிச்ச இன்னொருத்தன் ஏற்கெனவே குடுத்து, இப்ப கணக்கு முடக்கம், வீட்டுக்குப் பொலிஸ் வந்து போயிருக்கு. கணக்குக்கு வந்தது தூள், ஐஸ் எண்டு போதைப்பொருள் வித்த காசாம்.

நான் கேக்கிறது இதுதான். கார்டு குடுத்தவன் பிடிபடுறான், பைக்கற் கொண்டு போனவன் பிடிபடுறான். ரெண்டு பேரையும் ஆட்டுவிக்கிறவன் எப்பவும் "வெளிநாட்டில் மறைந்திருக்கும்" எண்டு பத்திரிகையில ஒரு வரியோட முடிஞ்சுபோறான். இது பொலிசின்ர கையாலாகாத்தனமா, காசு வாங்கிறதா, இல்லாட்டி சட்டத்திலயே ஓட்டையா? ஆற்ற பேரும் போடாதேங்கோ, ஊரையும் சொல்லாதேங்கோ. நடைமுறை தெரிஞ்ச ஆக்கள் எழுதினா நல்லம்.

சும்மா_வந்தவன்

சேர், இதில என்ன விசாரணை. எல்லாம் காசு. சட்டம் எங்கட நாட்டில கடுமைதான். 2 கிராம் ஹெரோயின் வச்சிருந்தா மரண தண்டனை இல்லாட்டி ஆயுள். 2022இல ஐசுக்கும் 5 கிராம் எண்டு கொண்டு வந்தாங்கள். அதை ஒழுங்காப் போட்டா ஒருத்தனும் மிஞ்சமாட்டான். 1976க்குப் பிறகு ஒருத்தரையும் தூக்கில போடேல்லை, அதுதான் துளிர் விடுறாங்கள். பாங்க்காரரும் கூட்டு. பத்து லட்சத்துக்குக் கீழ போட்டா அவங்கள் கண்டுகொள்ளவே மாட்டாங்கள்.

உவர்மலை_ராணி

எனக்கும் இதே மாதிரி நடந்தது. பரிசு விழுந்திருக்கு எண்டு போன் வந்து ஓ.ரி.பி கேட்டாங்கள். நல்லகாலம் மகள் பக்கத்தில இருந்தவள். பாங்க்கில போய்ச் சொன்னா, பொலிசில முறைப்பாடு போடச் சொல்லி விட்டிட்டாங்கள். இதுக்கு எங்க போகவேணும்?

ரியூஷன்_சேர்

ராணி அக்கா, அது வேற விசயம். உங்களிட்டக் காசைப் பறிக்கப் பாத்தவங்கள். இங்க பெடியன் தானே விரும்பிக் கார்டைக் குடுத்திருக்கிறான். ஆனா உங்களைப் போல ஆக்களிட்ட எடுத்த காசும் இப்பிடி ஒரு பெடியன்ர கணக்குக்குத்தான் போயிருக்கும். ஒரு முறைப்பாடு போட்டு வையுங்கோ.

கணக்கு_அக்கா

நான் வங்கியில் இருந்தனான், கடைசிக் காலம் இந்தச் சந்தேகக் கணக்கு பாக்கிற பக்கம்தான். சும்மா_வந்தவன் தம்பி சொல்றதில பாதி சரி. பத்து லட்சமும் அதுக்கு மேலயும் காசாகவோ கணக்கு வழியாகவோ போனால் வங்கி கட்டாயம் அறிக்கை குடுக்கவேணும். ஆனா சந்தேகம் எண்டு வந்தால் அதுக்குக் கீழ்வரம்பு இல்லை. ஆயிரம் ரூபாயாய் இருந்தாலும் மத்திய வங்கியின்ர நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு எழுதவேணும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அது.

சேர் கேட்ட கேள்விக்கு வாறன். ஒரு 5,000 ரூபாயின்ர பின்னால நடந்து பாருங்கோ.

பாவிக்கிற பெடியன் ஒருத்தன் ஒரு வட்ஸ்அப் நம்பருக்கு எழுதுவான். பதிலுக்கு ஒரு கணக்கு இலக்கம் வரும். அவன் காசு போடுற மெஷினில போட்டு, துண்டைப் படமெடுத்து அனுப்புவான். சில இடத்தில ஈசி காஷ். கொஞ்ச நேரத்தில ஒரு வரைபடப் புள்ளியும் ஒரு படமும் வரும்: மதகுக்குக் கீழ, மூன்றாவது கல்லுக்குப் பின்னால, பால்மா பைக்கற்றுக்குள்ள. போய் எடுப்பான். வித்தவனை அவன் காணவேயில்லை. பைக்கற்றை வச்சவனுக்கு வாங்கினவனைத் தெரியாது. வச்சவனுக்குக் காசு எங்க போச்சு எண்டும் தெரியாது.

அந்த 5,000 விழுந்த கணக்கு சேரின்ர மாணவன்ர கணக்கு. ஆனா கார்டு அவனிட்ட இல்லை. வேற ஒரு பெடியன் அஞ்சாறு கார்டை வச்சுக்கொண்டு மெஷின் மெஷினாய்ப் போய் எடுப்பான். எடுத்ததை ஒரு கடையில குடுப்பான். அவன்ர வேலை அதோட முடிஞ்சுது.

இப்ப பாருங்கோ, நம்பரை நடத்தினவனிட்ட சரக்கும் இல்லை, காசும் இல்லை. அவன் இலங்கையிலயே இல்லாமல் இருக்கலாம். எங்கட போதைப்பொருள் வழக்குகள் பெரும்பாலும் "ஆற்ற கையில இருந்தது" எண்ட கேள்வியில நிக்குது. அவன்ர கையில ஒண்டுமே இல்லை.

எனக்கு இந்தக் கணக்குகள் கண்ணில பட்ட விதத்தையும் சொல்றன். படிக்கிற பிள்ளையின்ர கணக்கு. சம்பளம் இல்லை. ஆனா திருகோணமலை, தம்புள்ளை, வத்தளை எண்டு ஒரே நாளில பல இடத்து மெஷினில இருந்து 2,000, 3,500, 5,000 எண்டு விழும். விழுந்து கொஞ்ச நேரத்தில எடுபடும். மீதி எப்பவும் சில நூறு ரூபாய். கடையில ஒரு தேத்தண்ணி கூட அந்தக் கார்டில வாங்கியிருக்கமாட்டாங்கள், போனுக்கு ஒரு ரீலோட் இல்லை. ஒரு மனிசன் வாழ்ற கணக்கு இப்பிடி இருக்காது. தொகை சின்னன் எண்டதால இல்லை, இந்த நடமாட்டத்தாலதான் பிடிபடுது.

பிறகு நாங்கள் அறிக்கை எழுதினால், அதைக் கணக்குக்காரருக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் நாங்கள் குற்றவாளி. ஒரு அம்மா வந்து, "ஏன் பிள்ளை என்ர மகன்ர கணக்கு வேலை செய்யுதில்லை" எண்டு மேசைக்கு முன்னால நிண்டவா. "தலைமைக் காரியாலயத்தில பாக்கினம்" எண்டு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

டோஹா_தாசன்

அக்கா கடை வரைக்கும் கொண்டுவந்து விட்டிட்டா. அங்கால நான் சொல்றன். கட்டார்ல ஆறேழு வருசம் இருந்தனான், உண்டியல் எப்பிடி ஓடுது எண்டு கிட்ட இருந்து பாத்தனான்.

இங்க கடைக்காரனிட்ட ரூபாய் சேருது. வளைகுடாவில வேலை செய்யிற ஆயிரம் பேர் வீட்டுக்குக் காசு அனுப்பவேணும். அவங்கள் றியாலை, திர்ஹத்தை அங்க ஒருத்தனிட்டக் குடுப்பாங்கள். இங்க கடைக்காரன் அவங்கட வீட்டுக்கு ரூபாயைக் கொண்டுபோய்க் குடுப்பான். அங்க சேர்ந்த திர்ஹம் அங்கயே நிக்கிற பெரியவனுக்குப் போகும். கணக்கு நேர். ஒரு சதம் கூடக் கடல் தாண்டேல்லை. விமான நிலையத்தில பெட்டியும் இல்லை, வங்கியில ஒரு வரியும் இல்லை.

அப்ப என்ன நடக்குது எண்டால், மதகடியில ஐஸ் வாங்கின பெடியன் போட்ட 5,000, யாரோ ஒரு தாய்க்கு மகன்ர சம்பளமாய்ப் போய்ச் சேருது. மகன் வெயிலுக்குள்ள நிண்டு உழைச்சது பெரியவன்ர கையில. தாய்க்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது.

மூதூர்_ரிஸ்வான்

தாசன் நானா, இது கொஞ்சம் ஓவர். எண்ட மச்சான் உண்டியல்லதான் அனுப்புறார். 2022ல வங்கி ரேட் 200 சொச்சத்துல நிண்ட நேரம் உண்டியல்ல எவ்வளவு கூட வந்தெண்டு எல்லாருக்கும் தெரியும். வாப்பாட மருந்துக் காசு அதுலதான் வந்த. அனுப்புற எல்லாரையும் குடுக்காரன்ட கூட்டாளி மாதிரி எழுதாதீங்க. கொண்டு வாற பொடியன் வாசல்ல நிண்டு எண்ணிக் குடுத்துட்டுப் போவான், ஒரு பத்து ரூபா குறைஞ்சதில்ல.

டோஹா_தாசன்

ரிஸ்வான், நான் உங்கட மச்சானைச் சொல்லேல்லை. நானும் அதிலதான் அனுப்பினனான். நல்ல காசு அதுக்குள்ள நிறைய ஓடுறதாலதான் கெட்ட காசு ஒளிக்க இடம் கிடைக்குது. அதுக்குள்ள எது எவன்ர காசு எண்டு கொண்டுவாற பெடியனுக்கே தெரியாது.

சும்மா_வந்தவன்

சரி, கடை, உண்டியல் எல்லாம் எங்களுக்கே தெரியுது. பொலிசுக்குத் தெரியாதா? நான் சொன்னதுதான். காசு.

முதலியார்_ஓய்வு

நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலங்களைத் தமிழில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. தம்பி சொல்லும் "காசு" பொய்யல்ல. 2020இல் போதைப்பொருள் தடுப்புப் பணியகத்தின் அதிகாரிகள் பலரே கைதானார்கள். கைப்பற்றிய சரக்கைத் திரும்ப வியாபாரிகளுக்கே விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பிடிப்பதற்கென்றே அமைந்த பிரிவுக்குள் அது நடந்தது. ஆனால் "காசு" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினால் அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் போகும். லஞ்சம் என்றால் நாம் நினைப்பது, பிடித்தவனை விட்டுவிடுவது. அது ஊருக்குத் தெரிந்துவிடும், ஆகவே ஆபத்தானது. வாங்கத் தெரிந்தவன் விடமாட்டான், பிடிப்பான். வழக்கும் போடுவான். வழக்கின் உள்ளே ஒரு பல்லைப் பிடுங்கி வைப்பான்.

ஒரு மாதிரி வழக்கைச் சொல்கிறேன், பல வழக்குகளில் கண்டதைச் சேர்த்து. ஒருவனிடம் பைக்கற் பிடிபடுகிறது. அதிகாரி தன் குறிப்புப் புத்தகத்தில் நேரம் எழுத வேண்டும். நிலையத்தில் தராசு இல்லாவிட்டால் பக்கத்து நகைக்கடைக்கோ அடகு பிடிக்கும் இடத்துக்கோ கொண்டுபோய் நிறுப்பார்கள். இது நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் நம் வழக்கறிக்கைகளில் சாதாரணம். பிறகு உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, சந்தேகநபரின் பெருவிரல் அடையாளம் எடுத்து, வழக்குப் பொருள் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து இலக்கம் போடுவார்கள். அங்கிருந்து நீதிமன்றம், அல்லது நீதவானின் உத்தரவோடு நேரே அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம். அங்கேதான் மொத்த நிறையில் சுத்தமான ஹெரோயின் எவ்வளவு என்று பார்ப்பார்கள். தம்பி சொன்ன 2 கிராம் அந்தச் சுத்த அளவு, பைக்கற்றின் நிறையல்ல. பதினைந்து கிராம் தூளில் சுத்தமானது ஒன்றரை கிராம் என்று அறிக்கை வந்தால் மரண தண்டனைப் பிரிவு அங்கே நிற்காது.

இந்தப் பயணத்தில் எங்கே வேண்டுமானாலும் ஒரு கண்ணி அறலாம். அதிகாரி 6.40க்கு நிறுத்ததாக எழுதியிருப்பார், கடைக்காரர் சாட்சிக் கூண்டில் 6 மணிக்குக் கடை பூட்டியதாகச் சொல்வார். பொறுப்பாளரிடம் கொடுத்த திகதிக்கும் பகுப்பாய்வாளருக்கு அனுப்பிய திகதிக்கும் இடையில் பொருள் எந்த அலமாரியில், யார் சாவியில் இருந்தது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். சட்டத்தரணி ஒரே கேள்விதான் கேட்பார்: "பிடித்ததும் ஆய்வுக்குப் போனதும் ஒரே பொருள்தான் என்று உங்களால் சொல்ல முடியுமா?" முடியாவிட்டால் விடுதலை. மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை இதில் உடைந்த வழக்குகள் உண்டு. நீதிபதி செய்தது சரி, வேறு விதமாக அவர் தீர்க்க முடியாது.

இப்போது சொல்லுங்கள், அந்த அதிகாரி நேரத்தைத் தவறாக எழுதியது கவனக்குறைவா, காசா? கூண்டில் நின்று "வேலைப்பளு, தவறி எழுதிவிட்டேன்" என்று சொன்னால் அதை எதிர்த்து என்ன நிரூபிப்பீர்கள்? நம் நிலையங்களில் வேலைப்பளு உண்மை, தவறி எழுதுவதும் உண்மை. விற்கப்பட்ட பிழையும் நேர்மையான பிழையும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால்தான் லஞ்ச வழக்கு இதை எட்டுவதில்லை. ஒரு வழக்கை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல இயலாது. பத்து வழக்கை அடுக்கிப் பார்த்தால், சின்னப் பெடியன்களின் வழக்கில் ஒழுங்காக எழுதும் அதே கை, குறிப்பிட்ட சிலரின் வழக்கில் மட்டும் தவறுவது தெரியும். அப்படி அடுக்கிப் பார்க்க ஒருவருக்கும் வேலை ஒதுக்கப்படவில்லை, நான் இருந்த காலத்தில் நான் காணவில்லை.

கணக்கு_அக்கா

ஐயா சொன்ன மாதிரித்தான் காசுப் பக்கமும். அங்க விற்பனைக்கு இருக்கிறது நேரம். பணம் தூயதாக்குதலைத் தடுக்கிற 2006 சட்டப்படி பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில ஒருத்தர் கணக்கை முடக்க உத்தரவு போடலாம், அது ஏழு நாளைக்குத்தான். அதுக்குள்ள மேல் நீதிமன்றத்துக்குப் போய் நீடிக்கவேணும். கணக்கை முடக்கிறது லேசு, அதுக்குள்ள இருக்கிறது சில நூறு ரூபாய். பிரயோசனமான சாமான் வேற. மெஷின் கமெராவில கார்டைப் போட்டு எடுத்தவன்ர முகம் இருக்கும். அது என்றைக்கும் இருக்காது, வங்கிக்கு வங்கி வேறுபடும், கொஞ்ச மாதத்தில பழைய படத்துக்கு மேல புதுசு பதிஞ்சிடும். ஒரு கடிதம் ரெண்டு மாசம் ஒரு மேசையில கிடந்தாப் போதும். ஆரும் ஒண்டையும் அழிக்கேல்லை, ஆரும் பொய் சொல்லேல்லை. முகம் போயிட்டுது.

அதுக்குள்ள நம்பர்காரன் அடுத்த பெடியன்ர கார்டுக்கு மாறியிருப்பான். ஒரு கணக்கை அவங்கள் கனகாலம் பாவிக்கிறேல்லை.

ஸ்காபரோ_சிவா

சேர் கேட்டதுக்கு இத்தாலியில விடை இருக்கு. பலேர்மோவில பல்கோனே எண்ட விசாரணை நீதவான் 80களின்ர தொடக்கத்தில செய்தது இதுதான். துப்பாக்கி வச்சிருந்தவனை விட்டிட்டு, சிசிலி வங்கிகளில டொலர் மாத்தின துண்டுகள், காசோலைகளை எல்லாம் கேட்டு எடுத்தார். அமெரிக்காவுக்கு ஹெரோயின் போன பாதை அந்தக் கடுதாசியில வெளிச்சது. பிறகு மாபியாவுக்குள்ள இருந்த ஆள் புஸ்கெத்தா வாய் திறந்தான். 1986இல 475 பேரை ஒரே வழக்கில நிறுத்தினாங்கள், 1987 டிசம்பரில 300க்கு மேல குற்றவாளி. முக்கியமா 1982இல ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்தாங்கள்: மாபியாக் கூட்டத்தில சேர்ந்திருக்கிறதே குற்றம். கையில ஒண்டும் இருக்கத் தேவையில்லை. எங்கட நாட்டில அப்பிடி ஒரு சட்டம் வந்தால் வட்ஸ்அப் நம்பர்காரன் மாட்டுவான்.

தம்பலகாமம்_தாரணி

சிவா அண்ணை, கனடாவில இருந்து சொல்றது சுகம். "சேர்ந்திருக்கிறதே குற்றம்" எண்ட சட்டத்தை நாங்கள் கண்டு முடிஞ்சுது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அதுக்கு மேல உள்ளவருக்கோ குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும். சாதாரண வழக்கில பொலிசுக்குக் குடுத்தது செல்லாது. அந்த ஒரு வித்தியாசத்தால எங்கட வீட்டில ஒரு ஆள் தெரியாத பாசையில எழுதின தாளில கையெழுத்து வச்சு, வருசக்கணக்காய் உள்ளுக்கு இருந்தவர். ஆர் அந்தக் கூட்டம், ஆர் அதில ஆள் எண்டு முடிவெடுக்கிறது ஆர்? நீங்கள் சொல்ற சட்டம் வந்தா முதல்ல உள்ள போறது சேரின்ர மாணவன்தான். கூட்டத்தின்ர கார்டு அவன்ர பேரில எல்லோ இருக்கு.

ஸ்காபரோ_சிவா

தங்கச்சி, கோபம் விளங்குது. ஆனா அந்தப் பயத்தில ஒரு சட்டமும் வேண்டாம் எண்டால் லாபம் ஆருக்கு? இத்தாலியில அந்தச் சட்டத்தை முன்மொழிஞ்ச லா தோரேயை 1982 ஏப்ரலில சுட்டாங்கள். செப்டம்பரில, மாபியாவை ஒடுக்க அனுப்பின ஜெனரல் தல்லா கியேசாவையும் சுட்டாப் பிறகுதான் பாராளுமன்றம் நிறைவேத்தினது. அவங்களுக்குப் பிடிக்காத சட்டம் எது எண்டு அவங்களே காட்டிக் குடுத்திட்டாங்கள்.

முதலியார்_ஓய்வு

இருவரும் ஒரு விடயத்தை விட்டுவிட்டீர்கள். 1982 சட்டம் சேர்ந்திருப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. சொத்துப் பறிமுதலும் அதில் இருந்தது. நம்மிடம் சேர்க்கைக் குற்றம் கிடையாது, தண்டனைச் சட்டக்கோவையின் சதிதான் உண்டு. சதிக்கு இருவரின் இணக்கத்தைக் காட்ட வேண்டும், ஒருவரையொருவர் அறியாத ஆட்களுக்கிடையில் அது கடினம். ஆனால் சொத்துப் பக்கம் நம் சட்டம் பலவீனமானதல்ல. அக்கா சொன்ன பணம் தூயதாக்கலைத் தடுக்கும் 2006 சட்டத்தில் ஓர் அனுமானம் இருக்கிறது: தெரிந்த வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து குற்றத்தால் வந்ததாகவே கொள்ளப்படும், அப்படியில்லை என்று சொத்துக்காரன்தான் காட்ட வேண்டும். தண்டனை ஐந்து முதல் இருபது ஆண்டு வரை. 2025இல் வந்த குற்ற வரும்படிச் சட்டம் குற்றவாளியாகத் தீர்க்காமலே சொத்தைப் பறிமுதல் செய்யவும் வழி வைத்திருக்கிறது. ஆகவே கடைக்காரனிடம் "இந்த மூன்று மாடி எப்படி வந்தது" என்று கேட்கலாம். வட்ஸ்அப் நம்பரை நடத்தியவன் யார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. தாரணி பிள்ளையின் பயத்துக்கும் இதில் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஏனெனில் கேள்வி ஆளைப் பற்றியதல்ல, கட்டடத்தைப் பற்றியது.

நடைமுறைச் சிக்கல், கட்டடம் கடைக்காரன் பேரில் இருக்காது. மாமியார் பேரில் இருக்கும். மாமியாருக்குக் கொழும்பில் தையல் கடை இருந்ததாகப் பழைய ரசீதுப் புத்தகம் ஒன்று வரும். அதை உடைக்கக் கணக்காய்வு தெரிந்த ஆள் வேண்டும். நம் நிலையங்களில் இருப்பவர் ஓடிப் பிடிக்கத் தெரிந்தவர்.

தம்பலகாமம்_தாரணி

ஐயா, கட்டடத்தைக் கேக்கிற சட்டமும் ஆரைக் கேக்கிறது எண்டு தெரிவு செய்யிறவையின்ர கையிலதானே. திருகோணமலையில மூன்று மாடி ஆற்ற ஆற்ற இருக்கு, ஆரை முதல்ல கேப்பினம் எண்டு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் இதில உடன்படேல்லை.

ரியூஷன்_சேர்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கேல்லை. ஒண்டு விளங்குது, சரக்கையும் காசையும் வேற வேற பாதையில விட்டுப்போட்டு, ரெண்டும் சந்திக்கிற இடத்தில ஆளே இல்லாமப் பண்ணியிருக்கிறாங்கள். இப்ப நடைமுறைக் கேள்வி. கணக்கு முடங்கின பெடியனைப் பொலிஸ் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருக்கு. கார்டை ஆரிட்டக் குடுத்தவன் எண்டு அவனுக்குத் தெரியும். சொல்லலாமா? தகப்பன் "வாயை மூடிக்கொண்டு இரு, தொலைஞ்சு போச்சு எண்டு சொல்லு" எண்டிறார்.

சும்மா_வந்தவன்

தகப்பன் சொல்றது சரி. தொலைஞ்சது எண்டால் முடிஞ்சுது. பொலிசுக்குச் சொன்னது கோட்டில செல்லாது எண்டு தாரணி அக்காவும் சொல்லிட்டா.

கணக்கு_அக்கா

ஐயோ தம்பி, அப்பிடிச் சொல்லி மாட்டினவங்கள் கனபேர். தொலைஞ்ச கார்டுக்கு ஏன் வங்கிக்கு அறிவிக்கேல்லை? ரகசிய எண் எப்பிடிக் களவெடுத்தவனுக்குத் தெரியும்? சிம்மும் ஒரே நாளில தொலைஞ்சதா? இது மூண்டுக்கும் பதில் இல்லை. அதுக்கு மேல, கார்டைக் குடுத்த பிறகு அவன்ர போனுக்குப் பத்தாயிரம் வந்த வட்ஸ்அப் பேச்சு இருந்தால்?

முதலியார்_ஓய்வு

சும்மா_வந்தவன் தம்பி, செல்லாது என்பது குற்ற ஒப்புதல் மட்டும். "தொலைந்துவிட்டது" என்று சொன்னது ஒப்புதல் அல்ல, அது பொய் என்று பிறகு காட்டப்பட்டால் அவனுடைய மற்றப் பேச்சையும் எவரும் நம்பமாட்டார்கள். அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அதுவும் சாட்சியாகும்.

சேர், என் யோசனை இது. சட்டத்தரணி இல்லாமல் போக வேண்டாம். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம், தமிழில் எழுதும்படி கேட்க அவனுக்கு உரிமை உண்டு. நான் கண்ட பாதிச் சிக்கல் அந்த இடத்தில் தொடங்கியது. உண்மையைச் சொல்லும் பெடியனைச் சந்தேகநபராக வைப்பதா, சாட்சியாக மாற்றுவதா என்பது சட்டமா அதிபர் கையில். கூட்டாளிக்கு நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுத்துச் சாட்சியாக்க ஏற்பாடு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. கூட்டாளியின் வாயை மட்டும் நம்பித் தண்டிக்க நீதிமன்றம் தயங்கும், வேறு சான்று சேர்த்துக் கேட்கும். ஆகவே அவன் பேச்சோடு மெஷின் படமும் சேர்ந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். படம் அழிவதற்குள் போக வேண்டும், அதற்காகவாவது பிந்த வேண்டாம்.

மூதூர்_ரிஸ்வான்

முதலியார் ஐயா, சட்டம் சரி. பொடியன் சொன்ன பிறகு அவனுக்கு யாரு காவல்? 2025 பெப்ரவரி 19 கொழும்பு நீதிமன்றத்துக்குள்ளயே சட்டத்தரணி மாதிரி உடுத்து வந்து சிறையில இருந்து கொண்டு வந்த ஆளையே சுட்டாங்க. துவக்கைச் சட்டப் புத்தகத்தைக் குடைஞ்சு உள்ள வெச்சுக் கொண்டு போனதாச் சொன்னாங்க. அங்கயே அப்படி எண்டா இங்க இந்தப் பொடியன் வீடு எல்லாருக்கும் தெரியும்.

முதலியார்_ஓய்வு

நேர்மையான கேள்வி. சாட்சிகள் பாதுகாப்புக்கு 2015இல் சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டு வந்தார்கள். வேறோர் இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லலாம், அச்சுறுத்துவது தனிக் குற்றம். தாளில் அது நல்ல சட்டம். ஆனால் வேறு ஊரில் வேறு பெயரில் குடும்பத்தையே கொண்டுபோய் வைப்பது நம் அளவான நாட்டில் எப்படி? யாழ்ப்பாணம் போனாலும் மூன்றாவது நாள் சொந்தக்காரர் ஒருவர் கண்டுவிடுவார். தகப்பனை நான் குறை சொல்லமாட்டேன். கார்டை வாங்கியவன் அதே வீதியில் இருக்கும் இன்னொரு பெடியனாக இருந்தால் ஆபத்துக் குறைவு, கடைக்காரனே என்றால் ஆபத்து அதிகம். அதைச் சட்டத்தரணியிடம் தனியாகச் சொல்லி முடிவெடுங்கள், இங்கே எழுத வேண்டாம்.

ரியூஷன்_சேர்

சரி ஐயா. திங்கட்கிழமை ஒரு சட்டத்தரணியைப் பாக்கத் தகப்பன் ஓம் எண்டிட்டார், தாய்தான் மாத்தினவா. வகுப்பிலயும் கதைக்கப் போறன். ஒரு கேள்வி: மற்றப் பெடியங்கள் ஏற்கெனவே கார்டைக் குடுத்திருந்தா இப்பவே என்ன செய்யலாம்?

கணக்கு_அக்கா

இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கார்டை நிறுத்தச் சொல்லி எழுத்தில குடுக்கட்டும், பிரதியில முத்திரை வாங்கட்டும். சிம்மைத் தன்ர பேரில திரும்ப எடுக்கட்டும். வட்ஸ்அப் பேச்சை அழிக்கவேண்டாம், பயத்தில எல்லாரும் முதல்ல செய்யிறது அதுதான். அவனைக் காப்பாத்தக்கூடியது அந்தப் பேச்சுத்தான்: ஆர் கேட்டது, என்ன சொல்லிக் கேட்டது, எவ்வளவு குடுத்தது. கணக்கில காசு கிடந்தால் தொடவேண்டாம். அதில இருந்து அம்மாவுக்கு ஐயாயிரம் எடுத்துக் குடுத்தாலும் தெரிஞ்சு பாவிச்சது எண்டு ஆகிவிடும்.

மூதூர்_ரிஸ்வான்

அக்கா, அப்ப எண்ட மச்சான் உண்டியல்ல அனுப்பின காசு வீட்டுக்கு வந்த பிறகு வாப்பாட கணக்குலதான் போட்டம். அதுக்கும் கேள்வி வருமா?

கணக்கு_அக்கா

வந்தால், மச்சான்ர வேலை ஒப்பந்தமும் சம்பளத் துண்டும் எடுத்துக் காட்டுங்கோ தம்பி, அது இருந்தால் பதில் இருக்கு. இனி வங்கியால அனுப்பச் சொல்லுங்கோ, ரேட் வித்தியாசம் இப்ப முந்தின மாதிரி இல்லை.

டோஹா_தாசன்

சேவைக் கட்டணத்தையும் சேர்த்துப் பாத்துச் சொல்லுங்கோ அக்கா. சின்னத் தொகை அனுப்புறவனுக்கு அதுதான் இடிக்குது.